பாட்டு கேக்குது, குரலைக் காணேல்லை: கலியாண நாள் வீடியோவில வாற பிழையளும் திருத்துற வழியும்

அம்மா அப்பான்ர 40வது கலியாண நாளுக்கு நான் ஒரு வீடியோ செய்தனான். ஒன்பது நிமிசம், 62 பழைய படம், கனடா லண்டன் சுவிஸ் எண்டு பதினொரு பேரின்ர குரல், கடைசியில சூரிச்சில நிக்கிறார் எண்டு எல்லாரும் நினைச்சுக்கொண்டிருந்த அண்ணா ஹோல் கதவால உள்ள வாறது. எடிற் பண்ணினது ஒரு கிழமை. பிழை திருத்தினது ரெண்டு கிழமை. பிழையள் வந்த ஒழுங்கில எழுதேல்லை, என்ன அறிகுறி தெரியுது எண்டதை வைச்சு எழுதுறன், உங்களுக்கு எது நடக்குதோ அந்த இடத்துக்கு நேரா போங்கோ. ஆனா ஹோலில போடப்போறீங்கள் எண்டால் முதலாவதைக் கட்டாயம் வாசியுங்கோ, ஏனெண்டால் அது வீட்டில ஒருநாளும் தெரியாது.

ஹோலில பாட்டு கேக்குது, ஆக்கள் கதைக்கிறது மட்டும் கேக்கேல்லை

விழாவண்டு மத்தியானம் கொக்குவில்ல ஹோலுக்குப் போய் லப்டொப்பைக் குடுத்து ஒருக்கா ஓடிப் பாத்தம். பின்னணி இசை வருது, அதுவும் தகரத்துக்குள்ள இருந்து வாற மாதிரி மெலிஞ்சு வருது, ஆனா பெரியம்மா வாயைத் திறக்கிற இடத்தில வெறும் வெளி. சவுண்ட் அண்ணை திரும்பிப் பாத்து "தம்பி உங்கட பைல்ல குரல் இல்லையடா, சேவ் பண்ணேக்க விட்டிட்டியள் போல" எண்டார். வயரைக் கழட்டினால் லப்டொப் ஸ்பீக்கரில பெரியம்மா வடிவா கதைக்கிறா. திருப்பிக் கொழுவினால் இல்லை. எனக்கு வேர்த்துக் கொட்டிட்டுது.

காரணம் வயர். லப்டொப்பின்ர ஹெட்போன் ஓட்டையில இருந்து வாறது ரெண்டு தனிச் சத்தம், இடது ஒண்டு வலது ஒண்டு. ஹோல் மிக்ஸரில மைக் கொழுவுற மூண்டு முள்ளு ஓட்டை ஒரே ஒரு சத்தத்தைத்தான் எதிர்பாக்குது, ஆனா அதை ரெண்டு கம்பியில, ஒண்டு நேராவும் மற்றது தலைகீழாவும் வரும் எண்டு நினைச்சு ஒண்டில இருந்து மற்றதைக் கழிக்குது. நீளமான வயரில வழியில சேர்ற இரைச்சல் ரெண்டு கம்பியிலயும் ஒரே மாதிரி இருக்கும், கழிச்சால் போயிடும், மைக்குக்கு அது நல்ல விசயம். லப்டொப்பை ஒற்றை வயரால அந்த மைக் ஓட்டைக்குக் கொழுவினால் மிக்ஸர் இடதில இருந்து வலதைக் கழிக்கும். வட்ஸ்அப் குரல் மொனோ, ரெண்டு பக்கமும் அச்சொட்டா ஒண்டுதான், ஆனபடியால் கழிச்சால் பூச்சியம். பாட்டில இடதும் வலதும் வித்தியாசம் எண்டபடியால் அதில மிச்சம் கொஞ்சம் தப்பி வருது, அதுதான் அந்தத் தகரச் சத்தம்.

இதுதானோ எண்டு பிடிக்கிறது லேசு. ஜக்கை மெதுவா அரைவாசி வெளிய இழுத்துப் பாருங்கோ, குரல் திடீரெண்டு வந்தால் இதுதான். இல்லாட்டி லப்டொப்பில Settings, System, Sound எண்டு போய் நீங்கள் பாவிக்கிற ஸ்பீக்கரைத் திறந்தால் Left channel, Right channel எண்டு ரெண்டு கோடு இருக்கும், வலதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாங்கோ. கழிக்கிறதுக்கு ஒண்டும் இல்லாமல் போக, இடது பக்கம் முழுசா வெளிய வரும். எங்களுக்கு அப்பிடித்தான் பெரியம்மா திரும்ப வந்தவ. சவுண்ட் அண்ணையும் "ஓமடா, போன மாசம் ஒரு சாமத்தியவீட்டிலயும் இப்பிடித்தான் நடந்தது, வீடியோக்காரனைத்தான் பேசினனாங்கள்" எண்டு தலையைச் சொறிஞ்சார்.

சரியான திருத்தம், ஒரு பக்கம் சின்ன ஸ்டீரியோ ஜக்கும் மற்றப் பக்கம் ரெண்டு தனித்தனி பெரிய மொனோ ஜக்கும் இருக்கிற கவட்டு வயர். அதை மிக்ஸரில மைக் ஓட்டைக்குக் குடுக்காமல் லைன் ஓட்டை ரெண்டுக்கும் குடுக்கவேணும். விலை பெரிசில்லை, நீங்களே ஒண்டு வாங்கிக் கொண்டுபோங்கோ, ஹோலில இருக்கும் எண்டு நம்பிப் போகாதையுங்கோ. வயர் கிடைக்காத நாளுக்கு வீடியோவையே இடது பக்கம் மட்டும் சத்தம் வாற மாதிரி இன்னொரு கொப்பி எடுத்து வைக்கலாம், படத்தைத் திரும்ப எடிற்றரில ஏத்தத் தேவையில்லை, கமாண்ட் விண்டோவில அடிச்சு ஓட்டுற ffmpeg எண்ட புரோகிராம் இருந்தால் அரை நிமிசம்:

```
ffmpeg -i final.mp4 -c:v copy -af "pan=stereo|c0=0.5*c0+0.5*c1|c1=0*c1" -c:a aac -b:a 256k hall.mp4
```

ரெண்டு பைலையும் பென்னில கொண்டுபோங்கோ. வயர் சரியா இருக்கிற இடத்தில உந்த hall.mp4ஐப் போட்டால் சத்தம் ஒரு பக்க ஸ்பீக்கரில மட்டும் வரும், அது இன்னொரு கரைச்சல்.

வட்ஸ்அப் குரல் எடிற்றருக்க ஏறுதே இல்லை, இல்லாட்டி ஏறுது, ஆனா சத்தம் இல்லை

வட்ஸ்அப் குரல் பைல் .opus எண்டு முடியும். கன எடிற்றருக்கு அது என்னெண்டே தெரியாது. பைலின்ர பேரை மட்டும் .mp3 எண்டு மாத்திப்போட்டு ஏறுது இல்லை எண்டு நிக்கிறவையை நான் கண்டனான் (நானும் தான்). பேரை மாத்தினால் உள்ள இருக்கிறது மாறாது, மாத்தி எழுதவேணும். எல்லாப் பைலையும் ஒரு போல்டரில போட்டு விண்டோஸ் கமாண்ட் விண்டோவில இதை அடிச்சால் பதினொண்டும் ஒரேயடியா மாறும்:

```
for %f in (*.opus) do ffmpeg -i "%f" -af "highpass=f=90,loudnorm=I=-16:TP=-1.5:LRA=11" -ar 48000 -ac 2 "%~nf.wav"
```

இதுக்குள்ள இன்னொரு பிழைக்கும் மருந்து கிடக்கு. லண்டன் சித்தப்பா போனை வாய்க்குள்ள வைச்சுக் கத்தியிருப்பார், மாமி மேசையில வைச்சிட்டு அங்கால நிண்டு முணுமுணுத்திருப்பா. loudnorm எண்டது எல்லாற்ற குரலையும் காதுக்கு ஒரே அளவில கேக்கிற மாதிரிக் கொண்டுவரும். highpass எண்டது 90 ஹேர்ட்சுக்குக் கீழ இருக்கிற உறுமலை வெட்டும், மேசையில போனைத் தட்டின சத்தம், காத்து ஊதின சத்தம் எல்லாம் கனக்க அதுக்கு கீழதான். அதில இருக்கிற -ar 48000ஐ விட்டிடாதையுங்கோ, விட்டால் loudnorm 192000இல எழுதும், பிறகு எடிற்றர் இழுபடும்.

மின்விசிறி இரைச்சல் மட்டும் இதுக்குப் போகாது. அது குரல் இருக்கிற அளவிலயே இருக்கு. இரைச்சல் குறைக்கிற பில்ரரைக் கூட்டிப் போட்டால் ஆள் தண்ணிக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி வரும், அதைவிட விசிறிச் சத்தம் பறவாயில்லை. திரும்ப ஒருக்கா சொல்லித்தரச் சொல்லிக் கேக்கிறதுதான் வழி. விசிறியை நிப்பாட்டி, புளூடூத் ஹெட்செட்டைக் கழட்டி, போனை நாடியில இருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு. மாமி ரெண்டாந்தரம் சொல்லேக்கதான் நல்லாவும் சொன்னவ.

குரல் கேக்கேக்க என்ன கேக்கிறீங்கள் எண்டதையும் பாருங்கோ. "வாழ்த்துச் சொல்லுங்கோ" எண்டு கேட்டால் பதினொரு பேரும் "இன்றுபோல் என்றும் வாழ்க" தான் அனுப்புவினம், எங்களுக்கு முதல் வந்த ஆறும் அதுதான். பிறகு நான் ஒவ்வொராளுக்கும் வேற கேள்வி அனுப்பினன். சித்தப்பாவிட்ட, அப்பா முதல் முதல் சைக்கிள்ள அம்மாவை ஏத்திக்கொண்டு போனதை ஆர் கண்டது எண்டு கேட்டன். நாலு நிமிசம் வந்தது. வெட்டி 35 செக்கன் எடுத்தன். வீடியோவில எல்லாரும் சிரிச்ச இடம் அதுதான்.

குரலும் கேக்குது பாட்டும் கேக்குது, ஆனா ஒண்டும் விளங்கேல்லை

லப்டொப்பில ஹெட்போனோட எடிற் பண்ணினால் இது கட்டாயம் வரும், ஹோலில சத்தம் சுவரில பட்டு எதிரொலிக்கும் எண்டது ஹெட்போனுக்குத் தெரியாது. குரல் வாற இடத்தில இசையைக் குரலைவிட 15 டெசிபெல் அளவில இறக்கி விடுங்கோ, குரல் தொடங்க அரைச் செக்கன் முந்தி இறங்கத் தொடங்கி, முடிஞ்சு ஒரு செக்கன் கழிச்சு ஏறுற மாதிரி. முக்கியமா வரியோட பாடுற பாட்டைக் குரலுக்குக் கீழ போடாதையுங்கோ, எவ்வளவு குறைச்சாலும் ரெண்டு பேர் ஒரே நேரம் கதைக்கிற மாதிரித்தான் இருக்கும். நாங்கள் குரலுக்குக் கீழ நாதஸ்வரத்தைப் போட்டுப் பாத்தம், அதுவும் சரிவரேல்லை, நாதஸ்வரமும் மனுசக் குரல் நிக்கிற இடத்திலதான் நிண்டு வெட்டுது. வீணை சரியா இருந்தது.

படம் போனில வடிவு, பெரிய திரையில மங்கல்

எங்கட ஊரில இந்தப் பிரச்சினைக்கு ஒரு முன்கதை இருக்கு. 95 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தில இருந்து வெளிக்கிட்ட ஆக்களிட்ட அல்பம் இருந்தாலே புதினம். எங்கட வீட்டில மிஞ்சினது ஒரு சொப்பிங் பாக்குக்குள்ள கிடந்த ஒன்பது படம், அதில நாலு தண்ணி பட்டது. மற்றது எல்லாம் வெளிநாட்டில இருந்துதான் வந்தது, ஏனெண்டால் அந்தக் காலத்தில கலியாணப் படத்தில ஒரு கொப்பி அடிச்சுத் தபாலில அனுப்புவினம், இஞ்ச அழிஞ்சது அங்க லாச்சிக்குள்ள அப்பிடியே கிடக்கு. ஆனபடியால் படம் இல்லை எண்டு கையை விரிக்க முந்தி வெளிய இருக்கிற சொந்தக்காரரிட்டக் கேளுங்கோ.

கேட்டால் என்ன செய்வினம்? போனால ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில அனுப்புவினம். அதிலதான் பிழை. வட்ஸ்அப் சாதாரணமா அனுப்பேக்க படத்தைச் சுருக்கி நீளப் பக்கம் 1600 புள்ளி அளவுக்குக் கொண்டுவந்திடும். திரை 1920 புள்ளி அகலம். முழுப்படத்தைக் காட்டவே காணாது, அதுக்குள்ள இருவது பேர் நிக்கிற குறூப் போட்டோவில அம்மம்மான்ர முகத்தை மட்டும் கிட்டக் கொண்டுவரப் பாத்தால் மாவைக் கரைச்சு ஊத்தின மாதிரித்தான் வரும். டொக்கியுமெண்டா அனுப்பச் சொல்லுங்கோ, அப்பிடி அனுப்பினால் சுருங்காது. அதைவிட நல்லது ஸ்கானரில 600 dpi. ஐந்து இஞ்சிக்கு மூண்டரை இஞ்சிப் படம் 600இல 3000க்கு 2100 புள்ளி வரும், அதில பாதி அகலத்தை எடுத்துத் திரைக்கு விரிச்சாலும் கண்ணுக்குப் பெரிசா தெரியாது. 1200இல ஸ்கான் பண்ணி மினைக்கெடாதையுங்கோ, கடதாசியில இல்லாததை ஸ்கானர் கண்டுபிடிக்காது.

படம் கண்ணாடியோட ஒட்டிப்போய் இருந்தால் உரிக்கப் பாக்காதையுங்கோ. எங்கட தாத்தான்ர படத்தில பாதி நெத்தி கண்ணாடியிலயே போட்டுது, நான்தான் உரிச்சனான். சட்டத்தை மட்டும் கழட்டி, கண்ணாடியோடயே யன்னலுக்குப் பக்கத்தில கிடத்தி, வெளிச்சம் பக்கவாட்டில வர விட்டு, போனுக்குப் பின்னால கறுப்புத் துணி பிடிச்சு நேர மேல இருந்து எடுங்கோ. துணி இல்லாட்டி கண்ணாடியில உங்கட முகமும் சேர்ந்து வரும்.

சிவந்துபோன கலர்ப் படத்துக்கு, அந்தக் காலப் பிரிண்டில நீலப்பச்சைச் சாயம் முந்தி வெளுறிப்போறதால சிவப்பு மிஞ்சிக் கிடக்கும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சு ஒண்டும் நடக்காது. படம் திருத்துற புரோகிராமில லெவல்ஸ் எண்ட இடத்தில சிவப்பு பச்சை நீலம் மூண்டையும் தனித்தனியாத் திறந்து, ரெண்டு ஓரத்தையும் மலை மாதிரித் தெரியிற வரைபடம் தொடங்கிற முடியிற இடத்துக்கு இழுத்துவிட்டால் கூறையின்ர நிறம் திரும்பி வரும். முழுக்க வராது. எங்கட அம்மா "அது இவ்வளவு சிவப்பில்லை, அரக்கு" எண்டு கடைசிவரை சொல்லிக்கொண்டுதான் இருந்தவ.

எழுத்து குழம்புது

கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிண்டால் எடிற்றருக்குத் தமிழ் கோக்கத் தெரியாது. பாமினியில அடிச்சதை வேற எழுத்துருவுக்கு மாத்தினால் இங்கிலீஷ் குப்பையா வரும். ரெண்டுக்கும் ஒரே வழி, யூனிகோட்டில வேற ஒரு இடத்தில எழுதி, சரியாத் தெரியுதோ எண்டு பாத்து, பின்னணி இல்லாத PNG படமா எடுத்து ரைம்லைனில வையுங்கோ. ஓரத்தோட ஒட்டி எழுதாதையுங்கோ, சில ரீவி ஓரத்தை வெட்டும்.

ரீவியில பென் கொழுவி பைலே தெரியேல்லை எண்டால் பென்னை FAT32இல போர்மற் பண்ணி, வீடியோவை H.264இல எடுங்கோ. H.265 பழைய ரீவியில ஓடாது. FAT32இல ஒரு பைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது, ஒன்பது நிமிசத்துக்கு ஒரு ஜிபியே வராது, பயப்பட ஒண்டும் இல்லை.

சப்ரைஸ் முந்தியே தெரிஞ்சுபோச்சு, இல்லாட்டி ஆள் நேரத்துக்கு வரேல்லை

எங்கட திட்டம் இதுதான். கடைசிக் குரல் அண்ணான்ரது, சூரிச்சில குசினிக்குள்ள நிண்டு "லீவு கிடைக்கேல்லை அம்மா, குறை நினையாதேங்கோ" எண்டு சொல்லுவார், திரை கறுக்கும், லைற் போடேக்க ஆள் கதவடியில நிப்பார். அண்ணா மூண்டு நாள் முந்தியே வந்து திருநெல்வேலியில சிநேகிதன் வீட்டில ஒளிச்சு நிண்டவர். அங்க வைச்சு, சூரிச்சில எடுத்தது சரியில்லை எண்டு இன்னொரு கிளிப் எடுத்து அனுப்பினார். வெள்ளைச் சுவர், குளிர் ஜக்கெட், எல்லாம் சரி. நான் ரைம்லைனில போட்டு முடிச்சு அக்காவுக்கு அனுப்ப, அக்கா கனடாவில இருந்து எடுத்தவுடன கேட்டது "ஏனடா சூரிச்சில பாண் ஓட்டோ போகுது?" எண்டு. ஹெட்போனைப் போட்டுக் கேட்டால், ஓம், பின்னால மெல்லிசா, பாண் விக்க வாற ஓட்டோ போடுற அந்த மியூசிக். எங்கட காதுக்குத் தினம் கேட்டு மரத்துப்போச்சு, ஆனா அம்மா பாண் ஓட்டோச் சத்தத்துக்கு நித்திரையிலயும் எழும்புற ஆள்.

அதை இரைச்சல் பில்ரரால எடுக்கேலாது, இசை எண்டபடியால் குரலோட பின்னிக் கிடக்கும். ரெண்டு வழிதான். இரவு பதினொரு மணிக்குப் பிறகு, நாய் குலைக்காத நேரமாப் பாத்து, விசிறியை நிப்பாட்டித் திரும்ப எடுக்கிறது. இல்லாட்டி உண்மையா வெளிநாட்டில எடுத்த முதல் கிளிப்பையே பாவிக்கிறது. நாங்கள் ரெண்டாவதைச் செய்தம். ஒண்டு சொல்லுறன், வெளிக்கிட முந்தி அங்கயே ரெண்டு மூண்டு விதமா எடுத்துவைக்கச் சொல்லுங்கோ. யன்னல் தெரிஞ்சால் வெளிச்சத்தையும் பாருங்கோ, குளிர்காலத்தில சுவிஸ் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னுக்கு.

பைலின்ர பேரும் காட்டிக்குடுக்கும். ரீவியில பென்னைக் கொழுவினவுடன சின்னப் படமும் பேரும் வரிசையா வரும், "அண்ணா entry final" எண்டு கிடந்தால் முன்வரிசை முழுக்க வாசிக்கும். பென்னில வீடியோவைத் தவிர ஒண்டும் இருக்கக் கூடாது, இல்லாட்டி முடிஞ்சவுடன அடுத்தது தானா ஓடும். லப்டொப்பில போட்டால் நெட்டை நிப்பாட்டுங்கோ, வட்ஸ்அப் மெசேஜ் மூலையில எட்டிப் பாக்காமல்.

நேரம் பிசகிறதுதான் பெரிய பிழை, ஒத்திகை பாக்காமல் அது பிடிபடாது. அண்ணாவை வானுக்குள்ள இருக்கவைச்சு "முடியேக்க மெசேஜ் போடுறன்" எண்டு சொல்லியிருந்தனான். ஒத்திகையில மெசேஜ் போய்ச் சேரவே பிந்தினது, பிறகு வான் கதவு திறந்து, செருப்பைக் கழட்டி, படியேறி ஹோல் கதவுக்கு வர 50 செக்கன். 50 செக்கன் கறுப்புத் திரையை ஒருத்தரும் பாத்துக்கொண்டு இருக்கமாட்டினம், எழும்பிச் சாப்பிடப் போயிடுவினம். ஆனபடியால் மெசேஜை விட்டிட்டு கடைசி மூண்டு நிமிசமும் கோல் எடுத்து அப்பிடியே வைச்சிருந்தம். அண்ணான்ர கிளிப் 40 செக்கன். அதுக்கு முந்தி மாமியின்ர குரல் தொடங்கேக்கயே வானை விட்டு இறங்கவேணும், அவற்ற கிளிப் தொடங்கேக்க கதவுக்கு வெளிய நிக்கவேணும் எண்டு ரெண்டு அடையாளம் வைச்சம். நிமிசக் கணக்குச் சொல்லாதையுங்கோ, வீடியோ எப்ப தொடங்கும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, "மாமி கதைக்கத் தொடங்கினால் இறங்கு" எண்டால் ஆருக்கும் விளங்கும்.

அதோட கறுப்புத் திரையை எடிற்றரிலயே 60 செக்கன் நீட்டி விடுங்கோ, சத்தமில்லாமல். இல்லாட்டி வீடியோ முடிஞ்சவுடன லப்டொப் டெஸ்க்டொப் பெரிசா வந்து நிக்கும், ஹோல் முழுக்க அதைத்தான் பாக்கும். லைற் போடுறவரையும் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கோ, எங்களுக்கு மத்தியானம் அவர் மேடை லைற்றைப் போட்டார், கதவடி இருட்டு.

இரவு சரியா நடந்தது. லைற் வந்தது, கதவு திறந்தது, அம்மா மட்டும் திரும்பேல்லை, கறுப்புத் திரையைப் பாத்து மூக்கைத் துடைச்சுக்கொண்டு இருந்தவ. அப்பாதான் கையைப் பிடிச்சு "இஞ்சருமப்பா, உங்கால பாரும்" எண்டார்.